பென்னாகரம் வட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தேர்ச்சி முன்னேற்றம்: ஒற்றை நேர்வாய்வின் வடிவமைப்பு

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்திலுள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், 2019ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய 44 பேரில் 27 பேர் தேர்ச்சி பெற்றனர்; 2024இல் எழுதிய 41 பேரில் 38 பேர் தேர்ச்சி பெற்றனர். இம்மாற்றம் எவ்வழியே நிகழ்ந்தது, அவ்வழி வேறு எத்தகைய பள்ளிகளுக்குப் பொருந்தும் என்ற இரு வினாக்களுக்கு, இந்த ஒரு பள்ளியையே ஆழ்ந்து ஆராயும் நேர்வாகக் கொண்டு விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

காரணம் தேடுவதற்கு முன், முன்னேற்றம் உண்மையில் நிகழ்ந்ததா என்பது சோதிக்கப்படும். நாற்பது பேர் எழுதும் பள்ளியில் ஒரு மாணவரின் தேர்ச்சியே விழுக்காட்டை இரண்டு புள்ளிகளுக்கு மேல் நகர்த்திவிடும். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் பெருந்தொற்றால் பொதுத்தேர்வு நடைபெறாமல் அனைவருக்கும் தேர்ச்சி வழங்கப்பட்டது. 2022இன் தேர்வு குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில் நடந்தது. எனவே இடைப்பட்ட ஆண்டுகளைக் கோடிட்டு இணைத்து வளர்ச்சிப் போக்கு என்று காட்டுவது இங்கே செல்லாது. அதைவிட முக்கியமானது, தேர்வு எழுதாதவர்களைப் பற்றிய கேள்வி. பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்லும்போது உடன் சென்றுவிடும் பிள்ளைகளும், பதின்ம வயதிலேயே திருமணத்தால் படிப்பை இழக்கும் பெண்களும் உள்ள பகுதி இது. ஆகவே ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்தில் பதிவேட்டில் இருந்த ஒவ்வொருவரும் பத்தாம் வகுப்புத் தேர்வறைக்கு வந்தாரா, மாற்றுச் சான்றிதழ் பெற்றாரா, நீண்ட நாள் வராதவர் எனக் குறிக்கப்பட்டாரா என்பது சேர்க்கைப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்னும் கணினிப் பதிவுத் தரவையும் ஒப்பிட்டுக் கண்டறியப்படும். தேர்ச்சி விழுக்காடு, அந்தத் தொடக்க எண்ணிக்கையை வகுக்கும் எண்ணாகக் கொண்டு மீண்டும் கணக்கிடப்படும். அப்போது உயர்வு பெரிதும் கரைந்துவிடுமானால், ஆய்வின் பொருளே மாறும். அதையும் மறைக்காமல் எழுதுவதே முறை.

வெற்றி பெற்ற பள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே காண்பதையெல்லாம் வெற்றிக்குக் காரணமாக்குவது இத்தகைய ஆய்வுகளில் வழக்கமாக நேரும் பிழை. காலைச் சிறப்பு வகுப்பும் மாதத் தேர்வும், தேர்ச்சி குறைந்த பள்ளிகளிலும் நடக்கின்றன. இப்பிழையைத் தவிர்க்க, பள்ளி என்ற ஒரே நேர்வுக்குள் ஐந்து பாடங்களும் தனித்தனி உள்ளலகுகளாகக் கொள்ளப்படும். கணக்கில் தேறாதோர் 15 பேரிலிருந்து ஒருவராகக் குறைந்திருக்க, ஆங்கிலத்தின் சராசரி மதிப்பெண்ணோ ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. தலைமையாசிரியரின் ஊக்கமே காரணம் என்ற விளக்கம், ஒரே தலைமையின் கீழ் இவ்விரு பாடங்களும் ஏன் வேறுபட்டன என்பதற்கும் விடை சொல்லியாக வேண்டும். காலியாக இருந்த கணக்கு ஆசிரியர் பணியிடம் நிரம்பியது என்பது போட்டி விளக்கங்களுள் ஒன்று. பணியிடம் நிரம்பிய மாதத்தையும் வகுப்புத் தேர்வு மதிப்பெண்கள் உயரத் தொடங்கிய மாதத்தையும் அருகருகே வைத்தால், எது முந்தியது என்பது தெரியவரும்.

ஆவணங்கள், வகுப்பறை உற்றுநோக்கல், நேர்காணல் ஆகிய மூன்று வழிகளில் தரவு திரட்டப்படும். நேர்காணலில் பணியிலுள்ள ஆசிரியர்களோடு, மாறுதலில் சென்றவர்களும், தேறாத மாணவர்களும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களான பெற்றோரும் சேர்க்கப்படுவர். வென்றவர்கள் சொல்லும் கதை மட்டும் கேட்கப்பட்டால், அது பாராட்டு விழா உரையாகவே முடியும். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் முன்கூட்டியே பெறப்படும். பள்ளியின் பெயர் அறிக்கையில் இடம்பெறாது. எனினும் ஒரு வட்டத்துக்குள் அதை அடையாளம் காண்பது கடினமன்று என்பதால், ஆசிரியர்களின் கூற்றுகள் பாடம் குறிப்பிடாமலே மேற்கோள் காட்டப்படும். பாடத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டிய இடத்தில், கூறியவரின் தனி ஒப்புதல் கேட்கப்படும்.

பொதுமைப்படுத்தலைப் பொறுத்தவரை, ஒரு பள்ளி மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் மாதிரிக்கூறு ஆகாது. ‘சிறப்பு வகுப்பு நடத்தினால் தேர்ச்சி இவ்வளவு உயரும்’ என்ற வகை முடிவை இவ்வாய்வால் தர இயலாது. தர இயல்வது, நிபந்தனைகளோடு கூடிய ஓர் இயங்குமுறை விளக்கம். எடுத்துக்காட்டாக, பாட ஆசிரியர் ஒருவர் ஒன்பதாம் வகுப்பு முதல் தொடர்ந்து அதே மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது, அவர்களின் அடிப்படைக் கணக்குக் குறைகள் பொதுத்தேர்வுக்கு முந்தைய ஆண்டிலேயே கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்படுகின்றன என்பது சான்றுகளால் உறுதியானால், அது கோட்பாட்டளவில் பிற பள்ளிகளுக்கும் கொண்டுசெல்லத்தக்கது. ஆயினும் பணியிடம் நிரம்பியிருத்தல், மாணவர் ஆண்டு முழுவதும் ஊரில் இருத்தல் ஆகிய இரு நிபந்தனைகளும் கூடவே செல்ல வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் மிகுந்த ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிப் பள்ளிகளுக்கு இவ்விளக்கம் பொருந்துமா என்பதை இந்த ஒரு நேர்விலிருந்து உறுதிசெய்ய முடியாது. அங்கே கணக்கு வினாவின் வாசகமே தடையாக இருக்கக்கூடும்.

ஆகையால் களப்பணி முடிந்ததும், அஞ்செட்டி வட்டத்தில் கணக்கு ஆசிரியர் நிலையாக உள்ள, ஆனால் தேர்ச்சி உயராத ஒரு பள்ளி தேர்ந்தெடுக்கப்பட்டு, அங்கே என்ன காணப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு முன்னதாகவே எழுத்தில் பதியப்படும். குறை கண்டறிதல் அங்கும் ஒன்பதாம் வகுப்பிலேயே நடந்தும் தேர்ச்சி உயரவில்லை எனில், மேற்கண்ட விளக்கம் திருத்தப்படும்.