அக்டோபர் ரப்பர் கொள்முதல் அறிக்கை: மேலாளருக்குப் பதில்

மேலாளர், கிளைக் குழுவில், காலை 9.10
அக்டோபர் அறிக்கை பார்த்தேன். வழக்கம்போல அரைகுறை. கொஞ்சம் பொறுப்போடு செய்யக் கூடாதா?

குழுவில் பதில், 9.25
பார்த்தேன் சார். இன்று மாலைக்குள் திருத்தி அனுப்புகிறேன். விவரத்தை உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

தனிச் செய்தி, 9.40
சார், அறிக்கையை மறுபடியும் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். எந்த இடம் உங்களுக்கு உறுத்தியது என்று ஒரு வரி சொன்னால் அங்கேயே கைவைப்பேன். நானாக ஊகித்து ஐந்தாறு இடங்களை மாற்றினால், நீங்கள் கேட்டது மட்டும் விட்டுப்போகும்.

விலைப் பக்கமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். குலசேகரத்திலும் அருமனையிலும் நாம் கொடுத்த விலை மட்டுமே அதில் இருக்கிறது. ரப்பர் வாரியம் அன்றன்று வெளியிடும் கோட்டயம் விலையைப் பக்கத்தில் வைத்தால்தான் கூட்டிக் கொடுத்தோமா, குறைத்துக் கொடுத்தோமா என்பது தெரியும். நம் படிவத்தில் அந்தப் பத்தி இதுவரை கிடையாது. இந்த மாதமே சேர்த்துவிடலாம். ஆர்.எஸ்.எஸ். 4, 5 தர ஷீட்டுகள் இரண்டும் ஒரே எடையாகக் கூட்டப்பட்டிருக்கின்றன, அவற்றையும் பிரித்துத் தருகிறேன்.

அல்லது வரத்துக் குறைவைக் குறிப்பிடுகிறீர்களா? அதற்குக் காரணம் மழை. மழைக்கவசம் போடாத தோட்டங்களில் பல நாள் பால்வெட்டு நடக்கவில்லை. வெட்டிய இடங்களிலும் ஷீட் சரியாகக் காயவில்லை. நடுவில் வெள்ளைத் திட்டோடு வந்தவற்றைத் தரம் இறக்கித்தான் எடுத்தோம். (விவசாயிகள் முகம் வாடியது வேறு கதை.) அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடியில் சிறு குறிப்பு போதுமா, தனிப் பக்கம் வேண்டுமா?

தரம் இறக்கிய கணக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும் என்பது என் கருத்து, சார். ஒவ்வொரு ஷீட்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கொண்டுவந்தவரிடமும் காட்டிய பிறகே பதிந்திருக்கிறோம். பதிவேட்டுப் பக்கங்களைப் படமெடுத்து இப்போதே அனுப்ப முடியும்.

தனிச் செய்தி, 9.46
இன்னொன்று சார். “வழக்கம்போல” என்று எழுதியிருந்தீர்கள். முந்தைய மாதங்களிலும் குறை கண்டிருந்தால் எந்த மாதம் என்று சொல்லுங்கள். அதையும் இதோடு சேர்த்தே பார்த்துவிடுகிறேன், ஆண்டுத் தணிக்கை நேரத்தில் தேட வேண்டியிருக்காது.

மதியம்வரை மார்த்தாண்டத்தில் கூட்டம் என்று தெரியும். எழுத நேரமில்லை என்றால் ஒரு குரல் பதிவு போதும். 2 மணிக்குள் எதுவும் வராவிட்டால் கோட்டயம் விலை, தரப் பிரிப்பு, மழைக் குறிப்பு மூன்றையும் சேர்த்து மாலை 5 மணிக்கு அனுப்பிவைக்கிறேன். மாற்றிய இடங்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பேன்.