விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டி

அன்புள்ள ஐயா,

வணக்கம். செப்டம்பர் 9 முதல் 12 வரை ஹைடல்பர்க்கில் நடக்கும் மாநாட்டுக்கு, நீலகிரிப் புல்வெளிகளைச் சீகை மரங்கள் மூடிவருவது பற்றிய என் கட்டுரையை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. ஷெங்கன் விசாவுக்கு உங்கள் லெட்டர்ஹெட்டில், கையொப்பத்துடன் ஓர் அழைப்புக் கடிதம் தேவைப்படுகிறது.

அதில் மாநாட்டுத் தேதிகள், இடம், கட்டுரைத் தலைப்பு இருக்கட்டும். பதிவுக் கட்டணமும் நான்கு இரவுத் தங்கலும் உங்கள் பொறுப்பு, விமானச் செலவு என்னுடையது என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள். செலவு யாருடையது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்களாம்.

அப்புறம், பெயர் விஷயம். பதிவில் ஜெ. கமலா என்று கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து ‘கமலா ஜோகி’ என்று இருக்கிறது. கடிதத்திலும் அப்படியே வரவேண்டும். பாஸ்போர்ட் நகலை இணைத்திருக்கிறேன்.

ஜூலை 14 அன்று சென்னையில் விண்ணப்பிக்க நேரம் கிடைத்துள்ளது. முந்தின இரவே மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏற வேண்டும் என்பதால், ஜூலை 7க்குள் கிடைத்தால் நிம்மதி. ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். மழைக்காலத்தில் மலைக்குக் கூரியர் வருவதை நம்ப முடியாது.

அன்புடன்,
ஜெ. கமலா
கோத்தகிரி