பிரபுவின் இடத்தில் குமரேசன்: வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்,
4.10.2025

மதிப்பிற்குரிய ராமலிங்கம் சார் அவர்களுக்கு,

பொருள்: மகாமகக் குளம் மேல்கரை அருகே உள்ள தங்கள் வீட்டில் எங்களோடு இருக்கும் பிரபு விலகுவது, அவர் இடத்தில் வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளத் தங்கள் அனுமதி.

வணக்கம் சார். தாம்பரத்தில் தாங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இந்த விஷயத்தை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சாவியைக் கையில் கொடுத்த அன்று, "ஆள் மாறினால் எனக்குத் தெரியாமல் மாறக் கூடாது. எனக்கு முன்னால் ஒரு அனுபவம் இருக்கு" என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னீர்கள். அதனால்தான் எழுத்திலேயே கேட்கிறேன்.

பிரபுவுக்கு அவர் கம்பெனியில் திருப்பூருக்கு மாற்றல் வந்துவிட்டது. நவம்பர் முதல் வாரத்தில் அங்கே சேர வேண்டும். அக்டோபர் 31 வரைதான் இங்கே இருப்பார். நம் 11 மாத ஒப்பந்தம் 2026 ஏப்ரல் 30 வரை இருக்கிறது. மீதி ஆறு மாதத்துக்கும் நானும் அருணும் இங்கேயேதான் இருப்போம். பிரபு போகிறார் என்பதற்காக ஒப்பந்தத்தை முறிக்கவோ வாடகையைக் குறைக்கச் சொல்லவோ நாங்கள் நினைக்கவில்லை. அவர் இடத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளத் தாங்கள் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம்.

வரப்போகிறவர் பெயர் குமரேசன், வயது 27. சொந்த ஊர் நன்னிலம் பக்கம். அப்பா விவசாயம், இப்போது சம்பா நடவில் இருக்கிறார். குமரேசன் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறார். இப்போது தினமும் நன்னிலத்திலிருந்து போய் வருகிறார். அடைமழை தொடங்கிவிட்டால் பைக்கில் அந்தப் பாடு முடியாது என்று கும்பகோணத்தில் இடம் தேடினார். அருணோடு கல்லூரியில் படித்தவர். எனக்கும் ஐந்து வருடமாகத் தெரியும். அவரிடம் சிகரெட்டோ குடியோ கிடையாது. கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைப் பார்க்க வந்தார். ஒரு காபி குடித்துவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார், இரவு தங்கவில்லை. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்தார். இந்நேரம் தங்களுக்கு போன் போயிருக்கும் என்று நினைக்கிறேன். தாங்கள் சரி என்று சொல்லாமல் அவர் பெட்டி படுக்கை ஒன்றும் உள்ளே வராது.

இதை உள்வாடகை என்று தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் ஏற்பாட்டையும் எழுதிவிடுகிறேன். ஒப்பந்தத்தின் 7-ஆவது ஷரத்து, தங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ வேறு யாருக்கும் விடக் கூடாது என்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. குமரேசன் எங்களுக்கு வாடகை கொடுத்து இருக்கப் போகிறவர் இல்லை. பிரபுவைப் போலவே அவரும் தங்களுக்கு நேரடிக் குடித்தனக்காரர். ஒப்பந்தத்தில் பிரபு பெயர் போய் அவர் பெயர் வரும். அதற்கான இணைப்புத் தாள் இரண்டு பிரதி இத்துடன் இருக்கிறது. பிரபு விலகுகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார், குமரேசன் எல்லா ஷரத்துக்கும் கட்டுப்படுகிறேன் என்று போட்டிருக்கிறார், நானும் அருணும் போட்டிருக்கிறோம். தங்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதைத் தாங்கள் போடும் வரை அது வெறும் காகிதம்தான்.

வாடகை 12,000 ரூபாயில் மாற்றம் இல்லை. இதுவரை மூன்று பேர் பங்கையும் சேர்த்து பிரபு கணக்கிலிருந்துதான் 5-ஆம் தேதி ஜிபே வரும். நவம்பரிலிருந்து என் கணக்கிலிருந்து வரும், பெயர் மாறியிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். குமரேசன் ஏதாவது ஒரு மாதம் தவறினாலும் முழுத் தொகை தங்களுக்கு வந்துவிடும். அது எங்கள் மூன்று பேருக்குள் தீர்க்க வேண்டிய கணக்கு.

அட்வான்ஸ் 36,000 தங்களிடம் அப்படியே இருக்கட்டும். அதில் பிரபு பங்கு 12,000. அதை குமரேசன் பிரபுவிடம் கொடுத்துவிடுவார், தாங்கள் யாருக்கும் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் பிரபு போகும் முன் அவர் பொறுப்பில் உள்ளதைச் சரிசெய்ய வேண்டும் அல்லவா? அவர் அறைச் சுவரில் டிவி மாட்ட ஆணி அடித்த நான்கு ஓட்டைகள் இருக்கின்றன. கொல்லைக் கதவின் தாழ்ப்பாளும் அவர் கையில்தான் உடைந்தது (பழைய பித்தளைத் தாழ்ப்பாள், அதே அச்சில் இப்போது கிடைப்பதில்லை, பெரிய கடைத்தெருவில் ஓரளவு பொருந்துகிற ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம்). இரண்டும் அவர் செலவில் இந்த மாதத்துக்குள் முடியும். முடிந்ததும் போட்டோ அனுப்புகிறேன். கரண்ட் பில்லிலும் அவர் பங்கை 31-ஆம் தேதி மீட்டரைப் பார்த்து வாங்கிவிடுவோம்.

தாங்கள் முதல் நாள் சொன்ன மூன்று கண்டிஷனையும் குமரேசனிடம் சொல்லியாயிற்று. கிணற்றடியில் பைக் கழுவக் கூடாது, பத்து மணிக்கு மேல் மாடியில் பாட்டு கூடாது, ஊஞ்சல் சங்கிலியில் துணி காயப் போடக் கூடாது. மூன்றாவதைக் கேட்டுச் சிரித்தார். அதை முதல் வாரத்திலேயே மீறித் தங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவருடைய ஆதார் நகல், வேலை பார்க்கும் இடத்தின் அடையாள அட்டை நகல், அவர் அப்பாவின் போன் நம்பர் மூன்றையும் தனித் தாளில் வைத்திருக்கிறேன். தாங்கள் அவர் அப்பாவிடமே பேசிப் பார்க்கலாம், அவரும் அதைத்தான் விரும்புகிறார். வீடியோ காலில் குமரேசனைப் பார்க்க வேண்டும் என்றால் எந்த நாள் மாலையானாலும் சரி.

ஒருவேளை தங்களுக்கு இதில் விருப்பமில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள் சார். அப்படியானால் நானும் அருணும் ஆளுக்கு 6,000 போட்டு டிசம்பர் வரை சமாளிப்போம். அதற்குள் தங்களுக்குப் பிடித்த வேறு ஆள் யாராவது இருந்தாலும் பார்க்கலாம், தங்களுக்குத் தெரிந்த பையனாக இருந்தால் இன்னும் நல்லது. ஜனவரிக்கு மேல் இரண்டு பேராக 12,000 கொடுப்பது எங்கள் சம்பளத்துக்குக் கஷ்டம். அதை இப்போதே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குமரேசனும் வேறு இடத்துக்கு வாக்குக் கொடுக்காமல் காத்திருக்கிறார். அதனால் தீபாவளிக்கு முன், 18-ஆம் தேதிக்குள் தங்கள் முடிவு தெரிந்தால் உதவியாக இருக்கும். சம்மதம் என்றால் முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள். இணைப்புத் தாளில் ஒரு பிரதியில் கையெழுத்திட்டு, இத்துடன் வைத்திருக்கும் தபால்தலை ஒட்டிய உறையில் போட்டு அனுப்பினால் 31-ஆம் தேதிக்கு முன் இங்கே வந்துவிடும். இன்னொரு பிரதி தங்களுக்கு.

ஐப்பசி கடைமுழுக்குக்கு மயிலாடுதுறை வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். அப்படியே கும்பகோணத்துக்கும் வந்தால் வீட்டையும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிடலாம். மாடி ஓட்டில் மேற்கு மூலையில் போன வாரம் லேசாக ஒழுகியது. ஓட்டு ஆசாரி மழைக்கு முன் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு ஆகும் என்று அவர் சொன்னதும் தங்களுக்குத் தெரிவிக்கிறேன், தங்களைக் கேட்காமல் வேலையைத் தொடங்க மாட்டோம்.

அம்மாவுக்கு எங்கள் மூவரின் வணக்கம். அவர் நட்ட கறிவேப்பிலை இப்போது கிணற்றுச் சுவர் உயரத்துக்கு வந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செந்தில்

இணைப்பு: இணைப்பு ஒப்பந்தத் தாள் 2 பிரதிகள், குமரேசனின் ஆதார் மற்றும் பணி அடையாள அட்டை நகல்கள், அவர் அப்பாவின் போன் நம்பர் உள்ள தாள், திரும்ப அனுப்ப உறை 1