உப்பளத் தொழிலாளர் உடல்நல ஆய்வு: நாங்கள் கண்டதை உங்களிடம் சொல்கிறோம்

வேதாரண்யம் பகுதி உப்பளங்களில் வேலை செய்யும் அண்ணன்மார்கள், அக்காமார்கள், அவர்களுடைய குடும்பத்தார், ஊர்ப் பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன கோடையில் உங்களில் பலர் ரத்தமும் சிறுநீரும் கொடுத்தீர்கள். வேலை முடிந்து களைப்போடு வந்தும் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொன்னீர்கள். மழைக்காலத்தில் உப்பளம் மூடியிருந்தபோது இரண்டாம் முறையும் வந்தீர்கள். ஆய்வு முடிந்துவிட்டது. முடிவை முதலில் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

உப்பு வாரும் மாதங்களில் உடம்பில் தண்ணீர் வற்றுகிறது. பாதிக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீர், வேலை முடியும் நேரத்தில் மிகவும் அடர்ந்திருந்தது. சிலருக்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு, கோடையில் இருக்க வேண்டியதைவிடக் கூடியிருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு மழைக்காலப் பரிசோதனையில் அது இறங்கிவிட்டது. இறங்காதவர்களை நேரில் பார்த்துச் சொல்லி, அரசு மருத்துவமனைக்குச் சீட்டும் கொடுத்திருக்கிறோம். உங்களை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை என்றால் இரண்டாம் பரிசோதனையில் உங்கள் அளவு சரியாக இருந்தது என்று அர்த்தம். ஆனால் அது அன்றைய நிலவரம் மட்டுமே.

ஆண்களைவிடப் பெண்களுக்கு நீர்க்கடுப்பு அதிகம். காரணத்தை அக்காமார்களே சொல்லிவிட்டார்கள்: அளத்தில் கழிப்பறை இல்லை, ஒதுங்க ஒரு மறைவும் இல்லை, அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் போய்விட்டால் அது வெறும் பேச்சுதான். கழிப்பறையும் நிழல்கொட்டகையும் இல்லாமல் இது தீராது. யார் பெயரும் இல்லாமல் இந்த முடிவை உப்பள முதலாளிகளுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் எழுதியிருக்கிறோம்.

இன்னொன்று எங்களுக்கு உண்மையிலேயே கவலை தந்தது. இடுப்புவலி, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரையைப் பலர் தினமும் போடுகிறீர்கள். டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது போட்டால் கெடுதல் இன்னும் கூடும். வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக் கேட்டுப் போடுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை இதோடு குழப்பி நிறுத்திவிட வேண்டாம்.

"நாள் முழுக்க உப்பிலேயே நிற்கிறோமே, கால் வழியாக உப்பு ஏறிப் பிரஷர் வருமா?" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். வராது. தோல் வழியாக அந்த அளவுக்கு உப்பு உள்ளே போகாது. பிரஷரைக் கூட்டுவது சாப்பாட்டில் சேரும் உப்புதான். காலில் வரும் வெடிப்பும் புண்ணும் வேறு சங்கதி. அதற்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும்.

எங்களால் சொல்ல முடியாததும் உண்டு. சிறுநீரகக் கோளாறுக்கு வெயில்தான் முழுக் காரணம் என்று இந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஒரே ஒரு பருவம்தான் பார்த்தோம். மாத்திரை, சர்க்கரை நோய், பிரஷர் எல்லாமே கலந்துதான் இருக்கின்றன.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், வெயிலில் வேலை செய்யும்போது 15-20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். மோரும் நீராகாரமும் நல்லதுதான். பிரஷர் உள்ளவர்கள் அதில் உப்பை அள்ளிப் போட வேண்டாம். தண்ணீரைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தால் அவர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாராவது வெயிலில் தடுமாறி, பேச்சு குழறி, மயங்கினால் உடனே 108-க்குப் போன் போடுங்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு சரியில்லாதவருக்கு வாயில் எதையும் புகட்டாதீர்கள்.

வெப்ப அலையை 2024-இல் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வெப்ப அலையால் உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இது பலருக்குத் தெரியவில்லை என்பதால் எழுதுகிறோம்.

உங்கள் பெயரும் பரிசோதனை அளவும் முதலாளிகள் உட்பட யாரிடமும் போகவில்லை, போகாது. மீதமிருந்த ரத்த மாதிரிகளை, ஒப்புதல் படிவத்தில் சொன்னபடியே அழித்துவிட்டோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குப் பஞ்சாயத்து அலுவலகத் திடலில் இதை வாசித்துக் காட்டுகிறோம். படிக்கத் தெரியாதவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தனியாகக் கேட்க நினைக்கும் பெண்களுக்காக எங்கள் நர்ஸ் அக்கா இருப்பார். நாங்கள் எழுதியதில் உங்களுக்கு ஒப்பாதது இருந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். அறிக்கையில் உங்கள் பேச்சாகவே சேர்க்கிறோம்.

இப்படிக்கு,
ஆய்வுக் குழுவினர்