சம்பள மாட்யூல் வாங்கும் முன்: சோதனைச் சான்றுகளும் தெரிந்த பிழைகளின் பட்டியலும் கேட்டு

பெறுநர்: விற்பனைப் பிரிவு மேலாளர்
நகல்: தரச் சோதனைப் பிரிவு

வணக்கம்.

போன வியாழக்கிழமை திருப்பூர் வந்து சம்பள மாட்யூலை ஓட்டிக் காட்டியதற்கு நன்றி. விலையில் எங்களுக்குப் பெரிய தகராறு இல்லை. ஆனால் டெமோவில் வந்த பத்துப் பேரும் ஒரே ஷிப்ட், ஒரே மாதச் சம்பளம், ஒரு நாள் லீவு கூட இல்லை. எங்கள் 640 பேரில் அப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் ஆர்டர் போடும் முன் சில ஆவணங்கள் தேவை.

எங்களுக்கு விற்கப்போகும் 4.2 பதிப்பில் நடத்திய சோதனைகளின் முடிவுகளை அனுப்புங்கள். 'எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு' என்ற கடிதம் போதாது. கொடுத்த உள்ளீடு, வர வேண்டிய விடை, வந்த விடை, சோதித்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். தோற்ற சோதனைகளையும் நீக்காமல் அனுப்புங்கள்.

குறிப்பாக இஎஸ்ஐ. ஜூனில் ஒருவர் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால், பங்களிப்புக் காலம் முடியும் செப்டம்பர் வரை அவருக்குப் பிடித்தம் தொடர வேண்டும். பல மென்பொருள்கள் ஜூலையிலேயே நிறுத்திவிடுகின்றன. 0.75 சதவீதத்தில் வரும் பைசா அடுத்த ரூபாய்க்கு ஏற வேண்டும் என்பதையும் சோதித்தீர்களா?

அப்புறம் பிஎஃப். 58 வயது முடிந்தவருக்குப் பென்ஷன் பங்கு போகக் கூடாது. முதலாளி பங்கு முழுவதும் பிஎஃப் கணக்கிலேயே சேர வேண்டும். ஈசிஆர் கோப்பில் அவருடைய வரி இப்படி வர வேண்டும்:

```
100000000001#~#TEST WORKER#~#18500#~#15000#~#0#~#15000#~#1800#~#0#~#1800#~#2#~#0
```

உங்கள் மாட்யூல் உருவாக்கிய கோப்பு ஒன்றையும், போர்ட்டல் அதை ஏற்றுக்கொண்டதற்கான ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டுங்கள். பீஸ் ரேட், ஓவர்டைம், நடுமாதத்தில் வேலையை விட்டவர் ஆகியவற்றுக்குத் தலா ஒரு சோதனை இருந்தால் சரி.

அடுத்தது, இன்னும் சரிசெய்யாத பிழைகளின் பட்டியல். ஒவ்வொன்றும் எந்தப் பதிப்பில் தெரிய வந்தது, சம்பளத் தொகையைப் பாதிக்குமா, அதுவரை எப்படிச் சமாளிப்பது, எப்போது சரியாகும் என்பது வேண்டும். பட்டியல் நீளமாக இருப்பதால் ஆர்டரை நிறுத்த மாட்டோம். பிழையே இல்லை என்று வெற்றுத்தாள் வந்தால்தான் யோசிப்போம். மற்ற வாடிக்கையாளர்களின் பெயர்களை மறைத்துவிடுங்கள். ரகசிய ஒப்பந்தம் தேவையென்றால் கையெழுத்திடத் தயார்.

பிப்ரவரி 20-க்குள் கிடைத்தால், மார்ச் சம்பளத்தைப் பழைய மென்பொருளிலும் உங்களுடையதிலும் சேர்த்து ஓட்டி ஒப்பிட்டு, ஏப்ரலில் மாறிவிடலாம். தாமதமானால் இஎஸ்ஐயின் அடுத்த காலம் தொடங்கும் அக்டோபருக்குத்தான் தள்ள வேண்டியிருக்கும். சோதனை செய்தவரிடமே எங்கள் சம்பளப் பிரிவு ஒரு மணி நேரம் போனில் பேச ஏற்பாடு செய்தால் பாதி வேலை குறையும்.

இப்படிக்கு,
கணக்கு மற்றும் சம்பளப் பிரிவு மேலாளர்
திருப்பூர்