மூணு வட்டி

கடைத்தெரு முக்கில் கூட்டுறவு வங்கிக் கிளை திறந்த ஆடி மாதத்திலேயே சாமிநாதனின் கடன் நோட்டு இளைக்கத் தொடங்கிவிட்டது. முதலில் விலகியவர்கள் சொந்த நிலக்காரர்கள். சிட்டா, அடங்கல் காட்டிப் பயிர்க்கடன் வாங்கினார்கள். தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை, அதை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வாங்குகிறவரிடம் அப்புறம் யார் வருவார்கள்?

அந்த மூன்று எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். பத்துப் பேருக்குப் பத்தாயிரம் வீதம் கொடுத்தால், சம்பா அறுவடைக்குள் ஒருவன் கைவிரிப்பான். வெள்ளம், குடி, மகள் கல்யாணம், ஏதோ ஒன்று. அந்தப் பெயர்மேல் சிவப்புக் கோடு விழும். மற்ற ஒன்பது பேரும் ஆறு மாதத்துக்குக் கட்டுகிற வட்டி 16,200. அதில் போன பத்தாயிரத்தைக் கழித்தால் மீதி 6,200. கணக்குப் பார்த்தால் மூன்று ரூபாயில் அவர் கைக்கு நிற்பது ஒன்றுதான். மீதி இரண்டும் கைவிரித்தவனுக்காக மற்றவர்கள் கட்டியது.

இப்போது கட்டுகிறவர்கள் போய்விட்டார்கள். இரண்டு சிவப்புக் கோடு வாங்கிய முருகேசன் மட்டும் வந்து நின்றான். இவனுக்கு மூன்று போதாது, ஐந்தும் போதாது.

"தோடு இருந்தா கொண்டா. இல்லேன்னா முடியாதுப்பா."

புரட்டாசியில் செல்வி வந்தாள். மூன்று ஏக்கர் குத்தகை. மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிறது, நாற்று முற்றுகிறது, நடவுக் கூலிக்குக் காசில்லை. கைவிரலில் நாற்றங்கால் சேறு காய்ந்திருந்தது.

"பேங்குல கேக்கலையாம்மா?"

"அடங்கல் நிலக்காரர் பேருல இருக்கு, பயிர்க்கடன் கிடையாதுன்னுட்டாங்க. பொம்பளைங்க அஞ்சு பேரு சேந்து குழுவா வந்தா தர்றாங்களாம், நூத்துக்கு ஒரு ரூபாதான். நாலு பேரு சேந்துட்டோம். ஆனா நடவு அதுவரைக்கும் நிக்காதே ஐயா."

சாமிநாதன் நோட்டைப் புரட்டினார். பதினோரு வருஷம், ஒரு கோடு இல்லை. கஜா புயல் அடித்த 2018 சம்பாவுக்குக்கூட, தையில் தரவேண்டியதைச் சித்திரையில் கொண்டுவந்து வைத்தவள். இவளை இப்போது விட்டால் அடுத்த போகத்துக்கு அந்தக் குழுவோடு போய்விடுவாள்.

"ஒண்ணரை வட்டி போட்டுக்கிறேன்."

செல்வி உடனே பணத்துக்குக் கை நீட்டவில்லை. கோடில்லாத தன் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு தடவையும் ஏமாத்தலையே ஐயா. ஒண்ணரைக்குத் தர முடியும்னா, இத்தனை வருஷமா என்கிட்ட ஏன் மூணு வாங்கினீங்க?"

இதுவரை வேறு எங்கும் அவளுக்குக் கடன் கிடைத்திருக்காது என்பதைத் தவிர அவரிடம் பதில் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. பேனாவைத் திறந்து பத்தாயிரம் என்று எழுதினார். வட்டிக் கட்டத்தில் கை கொஞ்சம் நின்றது.

ஒன்றேகால் என்று எழுதிவிட்டு நோட்டை அவள் பக்கம் திருப்பினார்.