மாமாவுக்கு: வருமான வரி நோட்டீஸ், தமிழில்

மஞ்சக்குப்பம், 12.11.2025

மாமா, முதலில் தேதி. 2025 நவம்பர் 25, செவ்வாய்க்கிழமை. நோட்டீஸில் சொன்ன குறையைத் திருத்த அதுதான் கடைசி நாள். 15 நாள் கெடு என்பது நோட்டீஸ் போட்ட நவம்பர் 10-லிருந்து. நீங்கள் பார்த்த நாளிலிருந்து அல்ல. காலண்டரில் சிவப்பில் வட்டம் போடுங்கள்.

நோட்டீஸ் சொல்வது: "பிரிவு 139(9)-ன்படி, 2024-25 நிதியாண்டுக்கான உங்கள் வருமான வரிக் கணக்கில் குறை உள்ளது. வங்கி பிடித்த வரி ரூ.8,400-ஐக் கழிக்கக் கேட்டுள்ளீர்கள். அந்த வரிக்குரிய வருமானத்தைக் காட்டவில்லை. 15 நாட்களுக்குள் திருத்தாவிட்டால் கணக்கு செல்லாததாகக் கருதப்படும்."

விட்டுப்போனது டெபாசிட் வட்டி ரூ.84,000. பென்ஷனை மட்டும் போட்டுவிட்டோம். இது அபராதமோ வழக்கோ அல்ல, பயம் வேண்டாம். ஆனால் செல்லாமல் போனால் கணக்கே தாக்கல் செய்யாத மாதிரி. தாமதக் கட்டணமும் வரும்.

சனிக்கிழமை, 15-ஆம் தேதி காலை வருகிறேன். பாஸ்புக், வங்கியின் வட்டிச் சான்று, ஆதாரோடு இணைத்த போன் மூன்றையும் எடுத்து வையுங்கள். `incometax.gov.in`-இல் `e-Proceedings` வழியாகத் திருத்தி, ஓ.டி.பி. போட்டு அன்றே முடிப்போம். ஓ.டி.பி.-யை போனில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.